ஓசியில் வந்த தராசுக்கு எழுதும் விமர்சனம்

பொருள் ஒன்றைப் பற்றி எழுதுபவருக்கு அந்தப் பொருள் இலவசமாகக் கிடைத்திருந்தால், அதை வாசகரிடம் சொன்னால் மதிப்பு குறைந்துவிடுமா? குறையாது. ஆனால் எங்கே சொல்கிறோம், எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அண்மையில் இறக்குமதியாளர் ஒருவர் 30 கிலோ நிறுக்கும் டிஜிட்டல் தராசு ஒன்றை எனக்கு அனுப்பி, "பாவித்துப் பாருங்கள், நல்லதென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். சிக்கல் இந்தக் கடைசி வார்த்தையில் இருக்கிறது. நல்லதென்று எழுதினால் பொருள் எனக்கு, குறை எழுதினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் அது அன்பளிப்பல்ல, கூலி. ஆகவே, நல்லதோ கெட்டதோ இரண்டு வாரத்தில் திருப்பி அனுப்புவேன், எழுதியதை அச்சாகும் முன் காட்டமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அடுத்தது எழுதும் விதம். கட்டுரையின் அடியில் "தராசு தந்துதவிய நிறுவனத்தாருக்கு நன்றி" என்று போடுவது வெளிப்படுத்துவதாகாது. அதற்குள் வாசகர் முழுவதையும் நம்பிப் படித்து முடித்திருப்பார். நான் முதல் பந்தியிலேயே இப்படி எழுதினேன்: "இந்தத் தராசை இறக்குமதியாளர் இலவசமாக அனுப்பினார். இரண்டு வாரம் கடையில் பாவித்துத் திருப்பிக் கொடுத்தேன். பணம் எதுவும் பெறவில்லை." வைத்துக்கொண்டிருந்தால் அதையும் விலையோடு எழுதியிருப்பேன்.

இவ்வளவு சொன்ன பிறகு வெறும் புகழ்ச்சி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். வாசகர் தானே செய்து பார்க்கக்கூடிய சோதனையைக் கொடுக்க வேண்டும். முத்திரை குத்திய 10 கிலோ படிக்கல்லைத் தட்டின் நடுவில் வைத்தேன், சரியாகக் காட்டியது. நான்கு மூலைகளிலும் மாறி மாறி வைத்தபோது, ஒரு மூலையில் 15 கிராம் குறைவாகக் காட்டியது. சீனி நிறுப்பவர் மூட்டையை அந்த மூலையில் வைத்தால், ஒவ்வொரு முறையும் 15 கிராம் கூடுதலாகக் கொடுத்துவிடுவார். இதை அப்படியே எழுதினேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. விமர்சகருக்கு அனுப்பும் மாதிரி, நன்றாகப் பார்த்துத் தெரிவு செய்ததாக இருக்கலாம். கடையில் பெட்டி பிரிக்காமல் விற்கும் தராசும் அதே தரமாக இருக்கும் என்று ஒரு மாதிரியை வைத்து என்னால் சொல்ல முடியாது. ஆகவே, "வாங்கும்போது உங்கள் முன்னால் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இதே மூலைச் சோதனையைச் செய்து பாருங்கள்" என்று முடித்தேன்.

அமெரிக்காவில் 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஆணைக்குழுவின் வழிகாட்டலும், இலவசமாகப் பொருள் பெற்று எழுதுபவர்கள் அதைச் சொல்ல வேண்டும் என்றே கேட்கிறது. காரணம் எளிது: பொருள் எப்படி வந்தது என்று தெரிந்தால், அந்தப் பேச்சுக்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்பதை வாங்குபவரே தீர்மானிப்பார்.