இருவர் எழுதும் ஒரு கதை

ஒருவருக்குக் கண் இல்லை. மற்றவருக்குக் கால் இல்லை. கண்ணில்லாதவர் தோளிலே கால் இல்லாதவர் அமர்ந்து வழி காட்ட, இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடினர் என்பது இரட்டைப் புலவரைப் பற்றி வழங்கும் வரலாறு. வெண்பாவின் முன் இரண்டு அடிகளை ஒருவர் சொல்ல, பின் இரண்டு அடிகளை மற்றவர் பாடி முடிப்பாராம். கேட்போருக்கு அது ஒருவர் வாக்காகவே ஒலித்தது.

அந்த ஒருமை அவர்களுடைய நட்பினால் மட்டும் வந்ததன்று. வெண்பாவின் இலக்கணமும் துணை நின்றது. முன்னவர் மாச்சீரில் நிறுத்தினால் பின்னவர் நிரையசையில் தொடங்கியாக வேண்டும். விளச்சீரிலோ காய்ச்சீரிலோ நிறுத்தினால் நேரசையில் தொடங்கியாக வேண்டும். ஒருவர் நிறுத்திய இடமே மற்றவர் தொடங்கும் இடத்தைக் கட்டுப்படுத்தியது.

உரைநடைக் கதைக்கு இத்தகைய தளை கிடையாது. ஆகவே, இரு நண்பர்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறி மாறி ஒரு கதையை எழுத முற்பட்டால், அந்தத் தளையை அவர்களே வகுத்துக்கொள்ள வேண்டும். வகுக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்குப் பெரிய எழுத்தாளர் இருவரின் அனுபவமே சான்றாக இருக்கிறது.

அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் மார்க் ட்வைனும் சார்ல்ஸ் டட்லி வார்னரும் அயல்வீட்டு நண்பர்கள். இருவரும் சேர்ந்து எழுதிய நாவல் 1873ஆம் ஆண்டு வெளிவந்தது. பொன்முலாம் பூசிய காலம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். முதற் பதினொரு அத்தியாயங்களை ட்வைன் எழுதினார். அடுத்த பன்னிரண்டை வார்னர் எழுதினார். அதன் பின்னர் கலந்து எழுதினர். மொத்தம் 63 அத்தியாயங்களில் 32 முழுமையாகத் தம்முடையவை என்று ட்வைன் ஒரு கடிதத்தில் கணக்குக் கொடுத்திருக்கிறார்.

ட்வைனின் பகுதியில் ஒரு குடும்பமும் அதன் நிலமும் பேராசையும் நகைச்சுவையோடு வருகின்றன. வார்னர் தொடங்கியதும் புதிய இளைஞர்களும், வேறு நகரமும், அமைதியான காதற்கதையும் வந்துவிடுகின்றன. எங்கே கை மாறியது என்பதை வாசகர் எளிதிற் கண்டுகொள்வர். இதைவிட முக்கியமான குறை வேறொன்று உண்டு. லோரா என்ற பெண் நீராவிக் கப்பல் விபத்தொன்றிலே பெற்றோரைப் பிரிந்து, வேறொரு குடும்பத்தில் வளர்கிறாள். அவளுடைய தந்தை உயிரோடு இருக்கலாம் என்ற குறிப்பு கதையின் முற்பகுதியிலேயே வருகிறது. ஆனால் அந்தத் தந்தை கடைசிவரை வரவில்லை. நூலின் இறுதியில், அவரைக் கண்டுபிடிக்க முடியாமற் போனதற்காக ஆசிரியர்கள் வாசகரிடம் வேடிக்கையாக மன்னிப்புக் கோரினர்.

அந்த வேடிக்கை அந்நூலுக்குப் பொருந்தியிருக்கலாம். வன்னி மண்ணில் எழுதப்படும் கதைக்கு அது பொருந்தாது. தர்மபுரத்தில் வாழும் இரு நண்பர்கள் எட்டு அத்தியாயங்களில் ஒரு கதை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இடம்பெயர்ந்து சென்ற தாயும் பதினான்கு வயது மகளும் 2010ஆம் ஆண்டு தம் காணிக்குத் திரும்பி வருகின்றனர். தந்தையைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. காணாமற் போனவரை இன்றும் எதிர்பார்த்திருக்கும் வீடுகளில் இக்கதை வாசிக்கப்படும். அங்கே ஒரு தந்தையைத் தொடங்கிவைத்துவிட்டு மறந்துபோவது எழுத்துப் பிழை மாத்திரம் அன்று.

முதல் நண்பர் முதல் அத்தியாயத்தை எழுதுகிறார். 2009 ஜனவரியில் ஊரைவிட்டுப் புறப்படும் முன்னர் கிணற்றடியில் புதைத்த தகரப்பெட்டியைத் தாயும் மகளும் தோண்டி எடுக்கின்றனர். உள்ளே காணி அனுமதிப்பத்திரமும் தந்தையின் கைக்கடிகாரமும் இருக்கின்றன. இரண்டாம் நண்பர் அடுத்த அத்தியாயத்தை உருக்கமாக எழுதுகிறார். 2009 மே மாதத்தில், சனநெரிசலில் கணவரைக் கடைசியாகக் கண்ட கணத்தைத் தாய் நினைவுகூர்கிறாள். உயர்த்திய அவருடைய கையிலே கடிகாரம் மின்னுகிறது.

தனித்தனியே வாசித்தால் இரண்டும் நல்ல அத்தியாயங்கள். சேர்த்து வாசித்தால், ஜனவரியில் மண்ணுக்குள் போன கடிகாரம் மே மாதத்தில் கையில் இருக்கிறது. இத்தகைய பிழையை ஞாபகசக்தி பிடிக்காது. ஓர் அப்பியாசக் கொப்பி பிடிக்கும். ஒவ்வோர் அத்தியாயமும் முடிந்தவுடன், அதை எழுதியவர் அக்கொப்பியில் மூன்று விடயங்களைக் குறிக்க வேண்டும். நிகழ்ச்சி நடந்த காலமும் பாத்திரங்களின் வயதும் ஒன்று. ஒவ்வொரு பொருளும் எங்கே, யாரிடம் இருக்கிறது என்பது மற்றொன்று. வாசகர் மனத்தில் எழுப்பப்பட்டு இன்னும் விடை பெறாத கேள்விகள் மூன்றாவது. அடுத்தவர் அந்தப் பக்கத்தைப் படித்த பின்னரே பேனையை எடுக்க வேண்டும்.

பிழை கண்ட பின்னர் இரு வழிகள் உண்டு. கடிகாரத்தை ஓர் அத்தியாயத்திலிருந்து நீக்கிவிடலாம். அல்லது பிழையையே கதையாக்கலாம்: தாயின் நினைவு தவறென்பதை மகள் உணர்கிறாள், உணர்ந்தும் சொல்லாமல் இருக்கிறாள். இரண்டாம் வழி ஆழமானது. ஆனால் இருவரும் கூடிப் பேசி, அந்த மௌனம் எந்த அத்தியாயத்தில் உடையும் என்று தீர்மானித்த பிறகே அதைக் கைக்கொள்ள வேண்டும். இல்லையேல் அது பிழையை மறைக்கும் சாக்காகவே முடியும். தந்தை திரும்பி வருவாரா என்பதும் அவ்வாறே. இரண்டாவது அத்தியாயத்தின் முடிவில், பரந்தனிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து யாரோ ஒருவர் இருளில் இறங்குவதாக எழுதி நிறுத்துவது எளிது. அது நண்பரை இக்கட்டில் மாட்டும் செயல். கதையின் முடிவை முதல் வரிக்கு முன்னரே இருவரும் அறிந்திருந்தால் இந்தச் சபலம் எழாது.

இனி நடையைப் பார்ப்போம். கதை முழுவதும் மகளின் கண்வழியே செல்வதென்றால், இரட்டைப்பட அத்தியாயங்களில் மட்டும் தாயின் மனத்துக்குள் புகலாகாது. தந்தையைக் கதைசொல்லி “அவர்” என்று குறிப்பதா, “அப்பா” என்று குறிப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். உரையாடலில் “வாறன், போறன்” என்ற ஊர்ப் பேச்சு வந்தால், அதே தாய் அடுத்த அத்தியாயத்தில் “வருகிறேன்” என்று பேசக் கூடாது. ஒருவர் குறுகிய வாக்கியங்களும் மற்றவர் நீண்ட வாக்கியங்களும் எழுதும் இயல்பினராயின், எழுதத் தொடங்குமுன் நண்பரின் கடைசிப் பக்கத்தைக் கையால் ஒருமுறை பார்த்தெழுதுவது நல்லது. அவருடைய மூச்சின் அளவு கைக்குப் பழகிவிடும்.

அவ்வளவு செய்தும் இரு குரல்கள் இணங்காமல் இருக்கலாம். அப்போது அவற்றை வலிந்து ஒன்றாக்காமல், ஒற்றைப்பட அத்தியாயங்களை மகளும் இரட்டைப்பட அத்தியாயங்களைத் தாயும் சொல்வதாக அமைத்துக்கொள்ளலாம். வேறுபாடு அப்போது குறையாகாது.

முடிவில், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்த வேண்டும். தம்முடையதைத் தாமே திருத்தினால் இரு நடைகளும் முன்னிலும் விலகிப்போகும். பின்னர், கதையை அறியாத ஒருவருக்கு எட்டு அத்தியாயங்களையும் உரக்க வாசித்துக் காட்டலாம். கை மாறிய இடத்தை அவர் சுட்டிக்காட்டினால் அங்கே மீண்டும் வேலை இருக்கிறது. அவர் அதைக் கவனியாமல், “அந்தத் தகப்பனுக்கு என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டால், கொப்பியின் மூன்றாம் பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். அக்கேள்விக்கு நேராக இருவரும் உடன்பட்ட விடை எழுதப்பட்டிருக்க வேண்டும். விடை கிடைக்கவில்லை என்பதே கதையின் முடிவாக இருந்தாலும், அது இருவரும் அறிந்து எழுதிய முடிவாக இருக்க வேண்டும்.