இரண்டு மாத வேலையை எப்படிச் சொல்வது?

தகுதிகாண் காலத்திலேயே முடிந்த வேலையைப் பயோடேட்டாவிலிருந்து நீக்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பிஎஃப் பிடித்திருந்தால் அது ஆபத்து. யுஏஎன் கணக்கின் பணி வரலாற்றில் அந்த நிறுவனமும் சேர்ந்த தேதியும் இருக்கும். பின்னணிச் சரிபார்ப்பில் வெளிப்பட்டால், குறுகிய வேலையைவிட மறைத்ததே பெரிய கேள்வியாகிவிடும்.

நேர்காணலில் மூன்று வாக்கியங்கள் போதும். கணக்குப் பிரிவில் சேர்ந்த ஒருவருக்குப் பெரும்பாலும் நிலுவை வசூல் வேலை தரப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்படிச் சொல்லலாம்: "அங்கே முக்கிய வேலை தொலைபேசி வழி வசூல். அதில் எதிர்பார்த்த இலக்கை நான் எட்டவில்லை, தகுதிகாண் காலத்திலேயே நிறுவனம் என்னை விடுவித்தது. ஜிஎஸ்டி கணக்கு, வங்கிச் சரிபார்ப்பு ஆகியவற்றில்தான் எனக்கு அனுபவம், அதனால் இந்தப் பணிக்கு விண்ணப்பித்தேன்."

நிறுவனம் விடுவித்ததை "நானே விலகினேன்" என்று மாற்றக் கூடாது. விடுவிப்புக் கடிதம் வேறு கதை சொல்லும். கசப்பு எட்டிப்பார்க்கிறதா என்று அறிய, பதிலில் மேலாளர் எத்தனை முறை வருகிறார் என்று பாருங்கள். வேலையைப் பற்றிய பேச்சில் அவருக்கு இடமே தேவையில்லை.