இன்வெர்ட்டர்: ஒரு துண்டு கம்பியின் சேட்டை

மின்வெட்டின்போது வீட்டில் எது எரியவேண்டும், எது சுழலவேண்டும் என்பதை முடிவுசெய்வது பேட்டரி அல்ல. சுவிட்ச் போர்டின் முதுகுக்குப் பின்னால் நடக்கும் வேலைதான்.

ஜூன் மாதத்து இரவில் துவாரகாவில் கரண்ட் போனால் அடுக்குமாடிகள் முழுசாக இருண்டுவிடுவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றிரண்டு ஜன்னல்களில் மட்டும் வெளிச்சம் மிஞ்சுகிறது. ஹாலில் ஒரு டியூப்லைட், படுக்கையறையில் ஒரு மின்விசிறி, மூலையில் கண்சிமிட்டும் ஒரு ரூட்டர். ஏ.சி. மட்டும் மௌனம் சாதிக்கிறது. ஒரே வீட்டில் சில சாதனங்கள் ஓட, சில உறங்க வேண்டும். இதற்காக வீட்டின் ஒயரிங்கை இரண்டாகப் பிரிப்பதுதான் இன்வெர்ட்டர் விஷயத்தில் கஷ்டமான பகுதி. பெட்டியை வாங்கிவருவது சுலபம்.

தில்லி மின்வாரியம் 2002 ஜூலையில் பிரிக்கப்பட்டு விநியோகம் தனியார் கைக்குப் போனபோது துவாரகா பி.எஸ்.இ.எஸ். ராஜ்தானியின் வசம் வந்தது. தொண்ணூறுகளில் தலைநகர் அனுபவித்த மணிக்கணக்கான மின்வெட்டு இப்போது இல்லை. ஆனாலும் 2024 ஜூன் 19 அன்று நகரின் மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டதே, அந்த மாதிரியான கோடையில் எங்காவது ஒரு கேபிள் புகைவதும் டிரான்ஸ்ஃபார்மர் மூச்சுவிட முடியாமல் நிற்பதும் சகஜம். 2023 அக்டோபர் முதல் தலைநகர் வட்டாரத்தில் டீசல் ஜெனரேட்டர்களுக்கும் கட்டுப்பாடுகள் இறுகின. எனவே, பால்கனி ஓரத்து பேட்டரிக்கு ஓய்வில்லை.

துவாரகாவின் கூட்டுறவு வீட்டுவசதி சங்கங்களில் பரவலாகக் காணப்படும் மூன்று படுக்கையறை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 900 வி.ஏ. இன்வெர்ட்டர், 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரி. கணக்குப்படி பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. ஆனால், இன்வெர்ட்டர் தன் பங்குக்குச் சாப்பிடுவதையும், பேட்டரியை ஒட்டச் சுரண்டக்கூடாது என்பதையும் கழித்தால், கைக்குக் கிடைப்பது சுமார் 1,200.

மூன்று பழைய மின்விசிறிகள் 225 வாட், நான்கு எல்.இ.டி. டியூப்கள் 80, டி.வி. 80, ரூட்டர் 15. ஆகக்கூடி 400 வாட். மூன்று மணி நேரம் தாங்கும். மின்விசிறிகளை மட்டும் 30 வாட் பி.எல்.டி.சி. ரகமாக மாற்றினால் சுமை 265 ஆகக் குறைந்து நாலரை மணி நேரம் ஓடும். இரண்டாவது பேட்டரிக்குப் பணம் எடுத்துவைப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஏ.சி., கீசர், மைக்ரோவேவ் பட்டியலில் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். பலரை ஏமாற்றுவது சாதாரண 6 ஆம்பியர் பிளக். அதில் செல்போன் சார்ஜரும் செருகலாம், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியும் செருகலாம். கரண்ட் இருக்கும்போது இன்வெர்ட்டர் வெறும் வழிப்போக்கன். மின்சாரம் அதன் ரிலே வழியாகக் கடந்து போகிறது, இஸ்திரியும் ஓடுகிறது. மின்வெட்டு வந்த நிமிடம்தான் பெட்டி கத்திவிட்டு நின்றுபோகும். சமையலறை பிளக்கில் மிக்ஸிக்கும் இதே கதை. அதனால் இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கும் பிளக்குகள் டி.வி.க்கும் ரூட்டருக்கும் பக்கத்தில் மட்டும் இருப்பது நல்லது. அவற்றின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால் இன்னும் நல்லது. ஃபிரிட்ஜ் ஓடும்போது குறைவாகத்தான் இழுக்கும். ஆனால், கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். 900 வி.ஏ.வில் அதைச் சேர்க்காமல் விடுவதே நிம்மதி.

இனி ஒயரிங். டி.பி. பாக்ஸிலிருந்து ஒரு எம்.சி.பி. வழியாக இன்வெர்ட்டரின் உள்ளீட்டுக்கு பேஸும் நியூட்ரலும் போகின்றன. வெளியீட்டு பேஸ் அங்கிருந்து திரும்பி இன்னொரு எம்.சி.பி.யை அடைகிறது. 900 வி.ஏ. என்பது நான்கு ஆம்பியருக்குள்தான் என்பதால் இந்த இரண்டாவது எம்.சி.பி. 6 ஆம்பியராக இருந்தால் போதும். இங்கிருந்து ஒவ்வொரு அறையின் சுவிட்ச் போர்டுக்கும் புதிதாக ஒரு கம்பி இழுக்கப்படுகிறது. அதன் நிறம் வீட்டில் வேறெங்கும் இல்லாத நிறமாக இருக்கவேண்டும். பத்து வருடம் கழித்து போர்டைத் திறக்கும் வேறொரு எலக்ட்ரீஷியன் அதை வைத்துத்தான் புரிந்துகொள்வார். இன்வெர்ட்டரை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு விதி உண்டு. 230 வோல்ட் கம்பி நீளலாம், பேட்டரி கேபிள் நீளக்கூடாது. முழுச்சுமையில் அந்தக் கேபிளில் 70 ஆம்பியர் வரை ஓடும். ஆகவே பேட்டரியைப் பால்கனிக்கு அனுப்பினால் இன்வெர்ட்டரும் கூடவே போகவேண்டும்.

வில்லன் ஒளிந்திருப்பது சுவிட்ச் போர்டுக்குள். ஒரு போர்டுக்கு பேஸ் ஒரே ஒரு கம்பியாகத்தான் வருகிறது. முதல் சுவிட்சில் அதை இணைத்து, அங்கிருந்து குட்டிக் குட்டித் துண்டுக் கம்பிகளால் அடுத்தடுத்த சுவிட்சுகளுக்கு எடுத்துச் செல்வார்கள். இதற்கு லூப் என்று பெயர். ஹால் போர்டில் மின்விசிறி, ஒரு டியூப், டி.வி. பிளக் ஆகிய மூன்றும் இன்வெர்ட்டருக்கு, அலங்கார விளக்கும் மற்ற பிளக்கும் சாதாரண லைனுக்கு என்று வைத்துக்கொண்டால், இந்த லூப்பை வெட்டி இரண்டு லூப்பாக்கவேண்டும். ஒன்றில் பழைய பேஸ், மற்றொன்றில் புதிய கம்பி. நடுவில் ஒரே ஒரு துண்டுக் கம்பி வெட்டப்படாமல் விட்டுப்போனாலும் இரண்டு லைன்களும் கைகோத்துவிடும்.

விசித்திரம் என்னவென்றால், கரண்ட் இருக்கும்வரை இந்தத் தவறு வெளியே தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே மின்சாரம். எலக்ட்ரீஷியன் எல்லா சுவிட்சையும் போட்டுக்காட்டி, கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். முதல் மின்வெட்டில்தான் குட்டு உடைகிறது. இன்வெர்ட்டரின் மின்சாரம் அந்தத் துண்டுக் கம்பி வழியாகப் பழைய லைனுக்குள் புகுந்து, மீட்டரைத் தாண்டி, கட்டடத்தையே ஏற்றிவிடப் பார்க்கும். நான்கு விளக்குகள்தான் எரிகின்றன. பெட்டியோ ஓவர்லோடு என்று கத்தும். காரணம் புரியாமல் பலர் பேட்டரியைச் சந்தேகிப்பார்கள்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் அறிகுறி மாறும். தான் அனுப்பிய மின்சாரம் தன் உள்ளீட்டுக்கே திரும்பி வருவதைப் பார்த்து, கரண்ட் வந்துவிட்டது என்று இன்வெர்ட்டர் நினைத்துக்கொள்ளும். பேட்டரியை விட்டுவிட்டு மெயினுக்கு மாறும். மாறியதும் மின்சாரம் மறையும். மறுபடி பேட்டரிக்குத் தாவும். பெட்டிக்குள் ரிலே டக் டக்கென்று ஓயாமல் அடித்துக்கொள்ளும், விளக்குகள் சிமிட்டும். இந்தச் சத்தம் கேட்டால் வேறு ஆராய்ச்சி வேண்டாம்; ஏதோ ஒரு போர்டில் லூப் வெட்டப்படவில்லை. அந்த நிலையில் நிஜமான கரண்ட் திரும்பிவந்தால் இரண்டும் மோதி இன்வெர்ட்டரின் மாஸ்ஃபெட்கள் கருகலாம். அதைவிட மோசம், கீழே ஃபியூஸைக் கழற்றிவிட்டு, லைன் செத்துவிட்டது என்று நம்பி வேலை செய்பவரின் கைக்கு 230 வோல்ட் போய்ச் சேர்வது.

பேஸைப் பிரித்தாகிவிட்டது. நியூட்ரல்? பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்கள் பேஸை மட்டும்தான் மாற்றுகின்றன; நியூட்ரல் உள்ளே நேராகக் கடந்துபோகிறது. விளக்கு, மின்விசிறியின் நியூட்ரல் பெரும்பாலும் சுவிட்ச் போர்டுக்கே வருவதில்லை, கூரைப் பெட்டியிலேயே சேர்ந்துவிடுகிறது. ஆகவே எலக்ட்ரீஷியன்கள் அதைத் தொடுவதில்லை. வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. இருந்து, இன்வெர்ட்டருக்கான பேஸும் நியூட்ரலும் அதைத் தாண்டிய பிறகு எடுக்கப்பட்டிருந்தால் இதில் பாதகம் இல்லை. ஆனால், புதிதாகச் சீரமைத்த வீடுகளில் இரண்டு மூன்று ஆர்.சி.சி.பி.க்கள் இருக்கும். போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் ஒப்பிடுவதுதான் அந்தக் கருவியின் வேலை. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் கண்டாலே விழுந்துவிடும். பேஸ் ஒன்றின் வழியாகப் போய், நியூட்ரல் மற்றொன்றின் வழியாகத் திரும்பினால் எங்குமே மின்கசிவு இல்லாமல் இரண்டும் விழும். இன்வெர்ட்டர் லைனில் ஒரே ஒரு விளக்கைப் போட்டதும் ட்ரிப் ஆகிறது என்றால் இதுதான் காரணம். தீர்வு, அந்த அறையின் நியூட்ரலையும் சேர்த்துப் புதிதாக இழுப்பது. ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி எறிவது அல்ல. எறிகிறவர்கள் உண்டு. நியூட்ரல் கிடைக்காத போர்டில் எர்த் கம்பியையே நியூட்ரலாக்கிவிடும் அதிமேதாவிகளும் உண்டு. எர்த் இணைப்பு எங்காவது விட்டுப்போன அன்று அந்த வீட்டின் ஃபிரிட்ஜ் கதவும் கீசர் உடம்பும் ஷாக் அடிக்கும்.

வேலை முடிந்ததும் சோதனைக்கு அரைமணி நேரம் ஒதுக்கவேண்டும். முதல் சோதனை மின்சாரமே இல்லாமல். மெயினை அணைத்து, இன்வெர்ட்டரின் இணைப்புகளைக் கழற்றி, பழைய பேஸுக்கும் புதிய பேஸுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது. மீட்டர் கூவினால் லூப் பாக்கி இருக்கிறது. இன்வெர்ட்டரைக் கழற்றாமல் பார்த்தால் அதன் ரிலே வழியாகவே தொடர்பு காட்டி ஏமாற்றக்கூடும். அடுத்து இன்வெர்ட்டரைப் பூட்டி, மெயினை அணைத்தபடியே பேட்டரியில் ஓடவிடுவது. தேர்ந்தெடுத்தவை எல்லாம் ஓடவேண்டும், மற்ற பிளக் ஒவ்வொன்றும் செத்திருக்கவேண்டும். இதற்கு நியான் டெஸ்டரை நம்பவேண்டாம். பக்கத்துக் கம்பியின் தூண்டலிலேயே அது மங்கலாக எரியும். ஹோல்டரில் பொருத்திய பழைய குண்டு பல்ப் பொய் சொல்லாது. மூன்றாவதாக, மெயினைப் போட்டு இன்வெர்ட்டர் லைனின் எம்.சி.பி.யை மட்டும் அணைப்பது. இப்போது அந்த லைனின் விளக்கு ஒன்றுகூட எரியக்கூடாது. எரிந்தால் அது இன்னும் பழைய பேஸில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு பொருள். இப்படிப் பிரித்த பிறகு அந்த விளக்குகளுக்கு வேறு வழி கிடையாது. இன்வெர்ட்டர் ரிப்பேருக்குப் போனால் கரண்ட் இருந்தும் ஹால் இருட்டு. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்து, இன்வெர்ட்டரைத் தாண்டி நேராக மெயினுக்கு மாறும்படி செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. எந்த எம்.சி.பி. எந்த லைனுக்கு, எந்தெந்த அறைப் புள்ளிகள் அதில் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி டி.பி. பாக்ஸின் கதவுக்குள் ஒட்டுவதும் அன்றைக்கே முடிக்கவேண்டிய வேலை. மெயினை அணைத்துவிட்டோம், இனி எங்கும் மின்சாரம் இல்லை என்று நினைத்து அடுத்தவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன், இந்த வீட்டில் இரண்டாவதாக ஒரு மின்சாரம் இருப்பதை அந்தத் தாள் அவருக்குச் சொல்லிவிடும்.