குழந்தையின் மூச்சை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

மார்கழிப் பனி இறங்கினால் போதும்... கோவைப் பக்கம் வீட்டுக்கு வீடு குழந்தைகளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். "வெறும் சளிதானுங்க, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்பார் அம்முச்சி. பெரும்பாலும் அது சரிதான். ஆனால், அந்தச் சளி நிமோனியாவாக மாறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இருமலும் காய்ச்சலும் சாதாரணச் சளியிலும் வரும். காட்டிக் கொடுப்பது மூச்சுதான்!

நிமோனியாவில் நுரையீரலின் காற்றறைகளில் நீரும் சீழும் கோத்துக்கொள்கின்றன. ஒரு மூச்சில் கிடைக்கும் காற்று போதாததால், குழந்தை வேகவேகமாக மூச்சு விடுகிறது. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் இதை ஆராய்ந்து 1988-ல் வெளியிட்டார்கள். வேகமான மூச்சும், உள்ளிழுக்கும் நெஞ்சும் நுரையீரல் தொற்றைக் கண்டுபிடிக்க நன்றாக உதவுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு.

எது வேகம்? பிறந்து 2 மாதம் வரை நிமிடத்துக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேகம்தான்.

எண்ணுவதில்தான் பலர் தவறுகிறார்கள். குழந்தை அழும்போதோ பால் குடிக்கும்போதோ எண்ணாதீர்கள். மடியில் அமைதியாக இருக்கையில், அல்லது தூங்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. கடிகாரத்தை வேறொருவர் பார்க்கட்டும். முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள்.

'கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கினால் ஆகாதா?' ஆகாது! எட்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு 15 விநாடியில் 11 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 44, பயமில்லை என்று விட்டுவிடுவீர்கள். முழு நிமிஷம் எண்ணினால் 54 வரலாம். குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 60 வந்தால் இன்னொரு தடவையும் எண்ணிப் பாருங்கள்.

வேகமாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்து நெஞ்சைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரியத்தானே வேண்டும்? அப்போது கடைசி விலா எலும்புகளை ஒட்டிய பகுதி உள்ளே குழிந்தால், அதுதான் அபாய அறிகுறி. ஒவ்வொரு மூச்சிலும் குழிகிறதா என்று கவனியுங்கள். இரண்டு மாதத்துக்குள் நெஞ்சுக்கூடு மெதுவாக இருப்பதால் லேசாகக் குழிவது சகஜம். ஆழமாகக் குழிந்தால்தான் ஆபத்து. மூக்கு அடைத்திருந்தால் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். 'நேற்று 60 இருந்தது, இன்றைக்கு 45தான், குறைஞ்சிடுச்சு' என்று தோன்றலாம். நெஞ்சு இன்னும் குழிந்துகொண்டிருந்தால் அது குணமல்ல. குழந்தை களைத்துப்போய்விட்டது என்று அர்த்தம். நெஞ்சு குழிந்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.