கை காலியாகும் கணக்கு

கையில் 2 ரூபாய் இருக்கிறது. எதிராளியிடமும் அதே 2 ரூபாய். பூவா தலையா போடுகிறோம். தலை விழுந்தால் அவருடைய ஒரு ரூபாய் நமக்கு, பூ விழுந்தால் நம்முடைய ஒரு ரூபாய் அவருக்கு. இருவரில் ஒருவர் கை காலியானால் ஆட்டம் முடிந்தது.

இந்த ஆட்டத்தில் நம் கையில் 0, 1, 2, 3, 4 ஆகிய ஐந்தில் ஏதாவது ஒரு தொகைதான் இருக்க முடியும். இந்த ஐந்தும் ஆட்டத்தின் நிலைகள். ஒரு நிலையிலிருந்து அடுத்த சுண்டில் எங்கே போவோம் என்பதற்கான வாய்ப்புகளைக் கட்டம் போட்டு எழுதினால் கிடைப்பதுதான் நிலைமாற்ற அணி. இடது ஓரத்தில் இருப்பது இப்போதைய தொகை, மேலே இருப்பது அடுத்த தொகை.

```
       0     1     2     3     4
0      1     0     0     0     0
1     1/2    0    1/2    0     0
2      0    1/2    0    1/2    0
3      0     0    1/2    0    1/2
4      0     0     0     0     1
```

முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் கவனியுங்கள். 0-க்குப் போனவர் 0-லேயே இருப்பார், 4-க்குப் போனவர் 4-லேயே இருப்பார். போனால் திரும்பி வர வழியில்லாத இப்படிப்பட்ட நிலையை உட்கவரும் நிலை என்பார்கள். அணியில் அதை அடையாளம் காண்பது சுலபம்: தன் வரிசையில் தன் கட்டத்திலேயே 1 இருக்கும்.

இனி 2 ரூபாயோடு தொடங்கி நடந்து பார்ப்போம். இரண்டு சுண்டு முடிந்ததும் கை காலியாகியிருக்க வாய்ப்பு 1/4, எல்லாவற்றையும் வென்றிருக்க 1/4, மறுபடி 2 ரூபாயிலேயே நிற்க 1/2. நான்கு சுண்டு முடிந்தால் 3/8, 3/8, 1/4. இரண்டு சுண்டுக்கு ஒருமுறை நடுவில் நிற்கும் வாய்ப்பு பாதியாகிறது. 20 சுண்டுக்குப் பிறகும் ஆட்டம் முடியாதிருக்க வாய்ப்பு 1024-ல் 1 மட்டுமே. நடுவில் எவ்வளவு இழுபறி நடந்தாலும், முடிவு இரண்டு ஓரங்களில் ஒன்றுதான்.

எந்த ஓரம்? 2 ரூபாய்க்காரருக்கு இரண்டும் சமம், 1/2. ஒரே ரூபாயோடு தொடங்குபவர் முதல் சுண்டிலேயே பாதி வாய்ப்பில் ஓட்டாண்டியாகிறார். மீதிப் பாதியில் 2-க்கு ஏறுகிறார், அங்கிருந்து தோற்கும் வாய்ப்பு பாதி. ஆக 1/2 + 1/4 = 3/4. சம வாய்ப்புள்ள ஆட்டத்தில் விதி இதுதான்: மொத்தப் பணத்தில் எதிராளியின் பங்கு எவ்வளவோ, நாம் ஓட்டாண்டியாகும் வாய்ப்பும் அவ்வளவு. எதிராளியின் பணத்துக்கு எல்லையே இல்லையென்றால் அந்தப் பங்கு 1-ஐ நெருங்கிவிடும். காசு எந்தப் பக்கமும் சாயாத நேர்மையான ஆட்டமாக இருந்தும், நமக்கு ஜெயித்து நிற்கும் ஓரமே இல்லாமல் போவதால் நம் கை காலியாவது உறுதி.

காசு சாய்ந்தால் நிலைமை இன்னும் மோசம். பாஸ்கல் 1656-ல் எழுப்பிய ஒரு கணக்கை, டச்சு அறிஞர் ஹைகன்ஸ் மறு ஆண்டு தம் நூலின் கடைசிப் பயிற்சியாக வைத்தார். ஆளுக்கு 12 காசு, மூன்று பகடை. கூட்டு 14 வந்தால் முதலாமவருக்கு ஒரு காசு, 11 வந்தால் மற்றவருக்கு. 14 வர 15 வழிகள், 11 வர 27 வழிகள், அதாவது 5-க்கு 9. ஹைகன்ஸ் தந்த விடை 244140625-க்கு 282429536481. சுருக்கினால், முதலாமவர் ஒருமுறை வென்றால் மற்றவர் ஏறக்குறைய 1157 முறை வெல்வார். இருவருடைய கையிருப்பும் சமம் என்பதால், ஒரு காசுக்கு 9/5 என்றிருந்த பாதகம் 12 காசுக்குப் பன்னிரண்டு முறை தன்னைத்தானே பெருக்கிக்கொண்டது. மார்க்கோவ் தம் சங்கிலிகளைப் பற்றி எழுதத் தொடங்கியது 1906-ல்தான். அதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே இந்த விடை அச்சேறிவிட்டது.

இன்றைய கேசினோவுக்கு வருவோம். ஐரோப்பிய ரூலெட்டில் 37 குழிகள், அவற்றில் சிவப்பு 18. சிவப்பின் மேல் 1 ரூபாய் வைப்பவர் சராசரியாக இழப்பது 3 பைசாவுக்கும் குறைவு. பார்த்தால் அற்பம். ஆனால் 100 ரூபாயை 200 ஆக்கும் வரை, அல்லது காலியாகும் வரை, ஒவ்வொரு ரூபாயாக வைத்து ஆடினால், 19/18 என்ற பாதகம் நூறு முறை பெருகும். ஜெயிக்கும் வாய்ப்பு 224-ல் 1. பத்துப் பத்தாக வைத்தால் சுமார் 37 சதவீதம். 100-ஐயும் ஒரே தடவையில் வைத்தால் 48.6 சதவீதம்.

சின்னச் சின்னதாக வைத்தால் ஆபத்து குறைவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பணம் மெதுவாகக் கரைவது உண்மை. ரூபாய் ரூபாயாக ஆடுபவர் சராசரியாக 3,600 சுற்றுக்கு மேல் தாக்குப்பிடிப்பார். ஆனால் அத்தனை சுற்றிலும் அந்தச் சிறு பாதகம் வேலை செய்துகொண்டே இருக்கிறது. ஆகவே சுற்றுக்குச் சுற்று சாயும் ஆட்டத்தில் யாராவது உங்களிடம் "கொஞ்சம் கொஞ்சமாக ஆடுங்கள், பயமில்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஒரே வீச்சில் வைப்பவருக்கும் வாய்ப்பு பாதிக்குக் கீழேதான். அந்த மேசையில் உட்காராமலே இருந்துவிடுங்கள்.