கம்பெனி கொடுத்த செக் திரும்பினால் எந்த இயக்குநர் எதிரி?

செக் கேஸ் சம்மன் வந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "கையெழுத்துப் போட்டது நான் இல்லையே, என் பெயர் எப்படி வந்தது?" என்பதுதான். அதற்கான பதில் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 141வது பிரிவில் இருக்கிறது. கம்பெனியின் காசோலை பணமில்லாமல் திரும்பினால் முதல் குற்றவாளி கம்பெனிதான். குற்றம் நடந்த நேரத்தில் கம்பெனியின் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்து, அதற்குக் கம்பெனியிடம் பதில் சொல்ல வேண்டியவராகவும் இருந்தவர் அதனுடன் சேர்ந்து எதிரியாகிறார். அதே பிரிவின் விளக்கக் குறிப்பு கூட்டு நிறுவனத்தையும் 'கம்பெனி' என்றும், அதன் பங்குதாரரை 'இயக்குநர்' என்றும் எடுத்துக்கொள்கிறது.

இயக்குநராக இருந்தாலே குற்றவாளி என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் புகார் எழுதுபவர், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையப் பக்கத்தில் இருக்கும் அத்தனை பெயர்களையும் எடுத்து வரிசையாக எதிரிகளாக்கிவிடுகிறார். உள்ளே யார் என்ன செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பெயர் அதிகமானால் சமரசத்துக்கு வழி பிறக்கும் என்ற கணக்கும் உண்டு.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, பிரைவேட் லிமிடெட். நூல் வாங்கியதற்குக் கொடுத்த 12,40,000 ரூபாய் காசோலையின் தேதி 2025 மார்ச் 10. மார்ச் 18 அன்று திரும்புகிறது. வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நூல் வியாபாரி நோட்டீஸ் அனுப்ப வேண்டும். ஏப்ரல் 2ஆம் தேதி அனுப்புகிறார். ஏப்ரல் 4 அன்று அது கைக்குக் கிடைக்கிறது. அங்கிருந்து 15 நாளுக்குள் பணம் கட்டவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். முதல் எதிரி கம்பெனி. இரண்டாவது எதிரி, கையெழுத்திட்ட நிர்வாக இயக்குநர். மூன்றாவது அவர் மனைவி. நான்காவது, ஜனவரியிலேயே விலகிவிட்டதாகச் சொல்லும் சகலை.

நிர்வாக இயக்குநருக்கு இந்தப் பிரிவில் அனேகமாக வழியே இல்லை. நிர்வாக இயக்குநர் அந்தப் பதவியாலேயே பொறுப்பில் இருப்பவர், காசோலையில் கையெழுத்திட்டவரும் தப்ப முடியாது என்று எஸ்.எம்.எஸ். பார்மாசூட்டிகல்ஸ் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'கடனே இல்லை', 'நூல் தரமில்லை', 'நோட்டீஸ் சரியில்லை' என்று கம்பெனிக்கு உள்ள வாதங்கள்தான் அவருக்கும். கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனாலும் அவருக்கு நிழல் கிடையாது. அதனால் வரும் தடைக்காலம் கம்பெனி மீதான செக் வழக்கை நிறுத்துமே தவிர, இயக்குநர்கள் மீதானதை நிறுத்தாது என்பது 2021இல் வந்த தீர்ப்பு.

மனைவியின் நிலை வேறு. பிரைவேட் லிமிடெட் தொடங்க இரண்டு இயக்குநர்கள் வேண்டும் என்பதால் சேர்க்கப்பட்ட பெயர் அது; கம்பெனிக் கணக்கை இயக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. அவருடைய வக்கீல் முதலில் தேட வேண்டியது, புகாரில் அவரைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் ஒரு வரியை. 'மூன்றாம் எதிரி கம்பெனியின் இயக்குநர்' என்று மட்டும் இருந்தால் போதாது. தொழில் நடத்தும் பொறுப்பில் இருந்தார் என்ற கூற்று வேண்டும். அது இல்லை என்றால் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 528வது பிரிவில் (பழைய 482) உயர் நீதிமன்றத்தில் மனு போட்டு வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். சென்னையிலிருந்து போன பார்தி ஏர்டெல் வழக்கில், 2024 மார்ச்சில், வயதான ஒரு பெண் இயக்குநரை உச்ச நீதிமன்றம் இப்படித்தான் விடுவித்தது. காசோலையில் கையெழுத்திட்டவர் வேறொருவர். அன்றாட நிர்வாகத்தில் அந்தப் பெண்ணுக்கு என்ன பங்கு என்று புகாரில் குறிப்பாக எதுவும் இல்லை.

ஆனால் இந்த ஓட்டை எல்லா வக்கீல்களுக்கும் தெரியும். அதனால் 'எதிரிகள் அனைவரும் அன்றாட வணிகத்தைக் கவனித்து வந்தனர்' என்ற வரி இப்போது ஏறக்குறைய அச்சடித்ததுபோல் எல்லாப் புகாரிலும் வருகிறது. அப்படி இருந்தால், வெறும் மறுப்பை வைத்து உயர் நீதிமன்றத்தை அசைப்பது கடினம். யாரும் மறுக்க முடியாத ஆவணம் ஒன்றாவது கையில் வேண்டும் என்பதுதான் கன்மாலா சேல்ஸ் தீர்ப்பின் நிலை. இல்லையென்றால் விசாரணையைச் சந்தித்து, வங்கியில் கையெழுத்து அதிகாரம் யாருக்கு, போர்டு கூட்டங்களில் யார் இருந்தார்கள், சம்பளம் யார் வாங்கினார்கள் என்று சாட்சியமாகக் காட்ட வேண்டியதுதான். தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்கத் தக்க முயற்சி எடுத்தேன் என்ற வாதத்தையும் சட்டம் அனுமதிக்கிறது. அதை நிரூபிக்கும் சுமை இயக்குநர் தலையில்.

பலர் கோட்டைவிடும் இடம் நோட்டீஸ். தனியாகப் பெயர் போட்டு வந்த நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் 'கம்பெனி பார்த்துக்கொள்ளும்' என்று விட்டுவிடுகிறார்கள். எஸ்.பி. மணி அண்ட் மோகன் டெய்ரி வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனது. பங்குதாரர் ஒருவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது. உள்விவகாரம் புகார்தாரருக்குத் தெரியாது, உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். தனக்குப் பொறுப்பில்லை என்றால் நோட்டீஸ் கிடைத்தபோதே சொல்லியிருக்கலாமே என்பது அங்கே முக்கியமாகப் பார்க்கப்பட்டது. அந்த 15 நாளில் அனுப்பும் ஒரு பக்கப் பதில், பின்னால் போடும் பெரிய மனுவுக்கு அடித்தளம்.

இனி சகலை. ஜனவரி 10 அன்று ராஜினாமா கடிதம் கொடுத்தார். காசோலையோ மார்ச் மாதத்தது. ஆவணம் சரியாக இருந்தால் அவர் முதலிலேயே வெளியே வந்துவிடலாம். ரெடிங்டன் நிறுவனம் போட்ட வழக்கில் காசோலைத் தேதிக்குச் சில நாள் முன்பு விலகியவர்கூட 2024இல் உச்ச நீதிமன்றத்தில் தப்பினார். விலகலைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவத்தைக் கம்பெனி 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நம் சகலையின் கம்பெனி அதை ஜூன் மாதம், சம்மன் வந்த பிறகு தாக்கல் செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்தேதியிட்ட நாடகம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். தீராத சந்தேகம் இருந்தால் உயர் நீதிமன்றம் 'விசாரணையில் பார்த்துக்கொள்' என்று அனுப்பிவிடும். சட்டப்படி கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாள் அல்லது அதில் குறிப்பிட்ட நாள், எது பிந்தியதோ அன்றே விலகல் நடைமுறைக்கு வருகிறது. ஆகவே அன்றைய மின்னஞ்சலோ தபால் ஒப்புகையோ வேண்டும். கம்பெனியை நம்பாமல் அவரே டிஐஆர்-11 தாக்கல் செய்யவும் வழி உண்டு. விலகும் முன்பே தேதியில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் கட்டு இருந்தால் கதை மாறும். அப்போது அவர் கையெழுத்திட்டவர் என்ற வரிசைக்குப் போய்விடுகிறார்.

கம்பெனியை எதிரியாகச் சேர்க்காமல் இயக்குநர்களை மட்டும் சேர்த்தால் வழக்கு நிற்காது என்பது 2012இல் அனீதா ஹடா தீர்ப்பிலேயே முடிந்த விஷயம். புகாரின் முதல் பக்கத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். கூட்டு நிறுவனத்தின் பங்குதாரர்களும் இதே வாதத்தை வெகுகாலம் வைத்துவந்தார்கள். தமிழகத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடியது: கூட்டு நிறுவனம் பங்குதாரர்களிலிருந்து தனித்த சட்ட நபர் அல்ல, அதனால் நிறுவனத்தின் பெயர் விடுபட்டாலும் பங்குதாரர்கள் மீதான வழக்கு செல்லும், பெயரைப் பின்னர் சேர்த்தும் கொள்ளலாம். 'நிர்வாகத்தில் நான் இல்லை' என்ற வாதம் மட்டும் பங்குதாரருக்கு இன்னும் மிச்சமிருக்கிறது.