அரை மணி டையை ஒரு மணி நேரம் விட்டால்?

கிழக்கேகோட்டைக் கடைத்தெருவில் வாங்கிய கிரீம் டையின் பெட்டியில் 30 நிமிடம் என்றிருக்கிறது. ஒரு மணி நேரம் விட்டால் இன்னும் கறுக்குமா? பெரும்பாலும் கறுக்காது.

பெட்டியிலுள்ள இரண்டு குழம்பையும் கலந்ததுமே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. நிறமற்ற சிறு மூலக்கூறுகள் முடிக்குள் நுழைகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை இணைத்துப் பெரிய நிற மூலக்கூறுகளாக்குகிறது. பெரிதானவை வெளியே வராது. அதேபோல, முடிக்கு வெளியே பெரிதானவை உள்ளே போகவும் முடியாது. கிண்ணத்தில் மிஞ்சிய குழம்பு கறுப்பது இதனால்தான். அரை மணியில் நுழையக்கூடிய சரக்கு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தீராதது மிஞ்சிய பெராக்சைடும் காரமும். கலவை ஈரமாக இருக்கும்வரை அவை முடிப்புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை உடைத்துக்கொண்டிருக்கும். நனைந்த முடியை மெல்ல இழுக்கும்போது ரப்பர்போல் நீண்டு அறுந்தால், சேதம் உள்ளே இறங்கிவிட்டது. உச்சந்தலை எரிந்தால் நேரம் பார்க்காமல் உடனே அலசவேண்டும்.

காதோர நரையில் நிறம் பிடிக்கவில்லையா? நேரத்தை நீட்டாமல், அங்கே முதலில், தாராளமாகப் பூசுங்கள்.